இகத்புரி ஆணை வந்தால்: பதவி உயர்வை மறுக்கும் முறை

சான்பாடாவில் குடியிருந்து, சிஎஸ்எம்டி ரயில்வே அலுவலகத்தில் ஜூனியர் கிளார்க்காக இருப்பவருக்குப் பதவி உயர்வு ஆணை வருகிறது. புதிய பணியிடம் இகத்புரி. லோக்கல் ரயில் கசாராவோடு நின்றுவிடும் என்பதால் தினம் போய்வர முடியாது. வீட்டிலோ, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டிய அப்பா. மறுப்பதைத் தவிர வழியில்லை.

ஆணை வந்ததும் எம்ஏசிபி தேதியைப் பாருங்கள். பதவி உயர்வு கிடைக்காமல் 10, 20, 30 ஆண்டுகள் தேங்கியவர்களுக்கான ஊதிய உயர்வு அது. மேலே சொன்னவர் 2017 ஜூலையில் சேர்ந்து அதே நிலையில் இருக்கிறார் என்றால், 2027 ஜூலையில் முதல் உயர்வு வர வேண்டும். அதற்கு முன்பே பதவி உயர்வை மறுத்தால் அது வராது; வாய்ப்பு வந்தும் ஏற்காதவர் தேங்கியவராகக் கருதப்படுவதில்லை. அதை வாங்கியபின் மறுத்தால் கையில் இருப்பது போகாது, அடுத்தது மட்டும் தள்ளிப்போகும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வீட்டில் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து, மேலதிகாரியை நேரில் பாருங்கள். அவர் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. "சார், பதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவை விட்டு இப்போது நகர முடியவில்லை" என்றால் போதும்.

பிறகு கடிதம். பதில் எழுதாமல், புதிய இடத்திலும் சேராமல் இருப்பதும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். காரணம் மட்டும் கோப்பில் ஏறாது. ரயில்வே விதிப்படி, தேர்வுமுறையில் வராத பதவியை மறுத்தால் ஓராண்டுக்குப் பதவி உயர்வு கிடையாது. தவிர்க்க முடியாத குடும்பக் காரணம் இருந்தால் அந்த ஓராண்டு வெளியூருக்கு மாற்றவும் கூடாது. ஆகவே காரணத்தைத் தெளிவாக எழுதி, மருத்துவமனைச் சான்றை இணையுங்கள். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"பதவி உயர்வுக்கு நன்றி. என் தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. உடனிருக்க வேறு ஆள் இல்லை. எனவே இகத்புரியில் இப்போது சேர இயலவில்லை. இது தற்காலிக மறுப்பே. ஓராண்டுக்குப் பின் என்னை மீண்டும் பரிசீலிக்க வேண்டுகிறேன். அப்போது மும்பை, தாணே பகுதியில் இடம் காலியாக இருந்தால் கருத்தில் கொள்ளவும்."

"எனக்கு இந்தப் பதவியே வேண்டாம்" என்ற தொனி எங்கும் வரக்கூடாது. குடும்பக் கதையை நீட்டவும் வேண்டாம். சரிபார்க்கக்கூடிய ஒரே காரணம் பத்துக் காரணங்களைவிட வலுவானது. நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவிடுங்கள்.

இழப்பும் உண்டு. அந்த ஓராண்டில் உயர்வு பெற்ற இளையவர்கள் உங்களுக்கு மூத்தவர்களாகிவிடுவார்கள். அது திரும்பாது. தேர்வுமுறைப் பதவியென்றால், பேனல் காலாவதியானபின் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

ஓராண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே, ஏற்கத் தயார் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாம் முறை மறுத்தால் இன்னோர் ஆண்டுத் தடை வரும்.