லிச்சிப் பழமும் உண்ணாத இரவும்

நம்பிக்கை: முசாபர்பூரில் குழந்தைகளைக் கொல்வது கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், இல்லையேல் கோடை வெயில்.

பீகார் மாநிலத்தின் முசாபர்பூர், இந்தியாவில் லிச்சிப் பழம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று. அங்கு 1995 முதல் மே, ஜூன் மாதங்களில் ஏழைக் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்புக் கண்டு, நினைவிழந்து, பலர் சில மணி நேரத்திலேயே இறந்துபோயினர். வெயில் உச்சத்தில் இருக்கும்போது தொடங்கி மழை வந்ததும் நோய் அடங்கியதால் வெப்பத்தின் மீதும், கொசு பரப்பும் வைரசுகளின் மீதும், பூச்சிமருந்தின் மீதும் ஐயம் மாறி மாறி விழுந்தது. ஆனால் அந்த வாரங்களே லிச்சி அறுவடைக் காலமும் ஆகும். மேலும், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இல்லை என்பது கிருமித்தொற்று என்ற விளக்கத்தோடு பொருந்தவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைரசு இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியோரும் லிச்சியில் உள்ள நச்சுப் பொருளைக் காரணமாகச் சுட்டிய பின்னும் இந்த நம்பிக்கை எளிதில் விலகவில்லை.

2014இல் இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து நடத்தி, 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்தைப் பெரிதும் தீர்த்தது. அந்தப் பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தனர். சர்க்கரை அளவு பார்க்கப்பட்டவர்களில் ஐந்தில் மூவருக்கு அது ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தது. முந்தைய 24 மணி நேரத்தில் லிச்சி தின்றதும், முந்தைய மாலை உணவு உண்ணாததும் நோயுற்ற குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டன. அவர்களுடைய 73 சிறுநீர் மாதிரிகளில் 48இல் லிச்சி நச்சின் சிதைவுப் பொருள்கள் இருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த, நரம்பு சாராத நோய்களுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் 15 மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. தொற்றுக் கிருமிகளுக்கும் பூச்சிமருந்துகளுக்குமான சோதனைகள் காரணம் எதையும் காட்டவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் லிச்சி நஞ்சு, அதை எவரும் தின்னலாகாது.

நன்றாக உண்டு வளரும் குழந்தை சில பழங்களைத் தின்றால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. காரணம், உடல் இரவைக் கழிக்கும் முறையில் இருக்கிறது. உண்ட உணவு செரித்து முடிந்த பிறகு, கல்லீரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்துக்கு அனுப்புகிறது. அந்த இருப்புத் தீரும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலைக் கொழுப்பு அமிலங்களைச் சிதைத்துப் பெறுகிறது. ஊட்டம் குறைந்த நான்கு வயதுக் குழந்தையிடம் கிளைக்கோஜன் இருப்பு மிகச் சிறிது. மாலை உணவின்றி உறங்கினால் விடியுமுன்னரே அது தீர்ந்துவிடும். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின், மெத்திலீன்சைக்ளோபுரோப்பைல்கிளைசின் ஆகிய இரு அமினோ அமிலங்களும் உடலில் மாற்றமடைந்து, கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதிகளை முடக்குகின்றன. இருப்பும் தீர்ந்து, மாற்று வழியும் அடைபட்ட நிலையில் மூளை சர்க்கரையின்றித் தவிக்கிறது, வலிப்பு வருகிறது. ஆகவே பழத்தை மட்டும் குற்றவாளியாக்கி, குழந்தையைப் பசியோடு படுக்கவைத்த வறுமையைக் கண்டுகொள்ளாமல் விடுவது பாதி உண்மையே ஆகும்.

நம்பிக்கை: காயை வேகவைத்தால் நஞ்சு போய்விடும், பழுத்துவிட்டால் அச்சமே இல்லை.

லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்ததும், ஜமைக்காவின் தேசியப் பழமுமான ஆக்கியைப் பற்றியது இது. வாந்தியில் தொடங்கி வலிப்பிலும் மரணத்திலும் முடியும் ஜமைக்கா வாந்தி நோய்க்குக் காரணமான ஹைப்போகிளைசின், 1950களில் ஆக்கியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. முற்றாத ஆக்கியில் மிகுதியாக இருக்கும் இந்த நஞ்சு, கனி மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்கும் வேளையில் சதைப்பகுதியில் பெரிதும் குறைந்துவிடுகிறது, விதையில் அந்த அளவுக்குக் குறைவதில்லை. நீரில் கரைவதால் வேகவைக்கும்போது ஒரு பகுதி வெளியேறினாலும், முற்றாத கனி அதனால் பாதுகாப்பானதாகிவிடாது. பழுத்தால் அச்சமில்லை என்ற ஆக்கியின் அளவுகோலை லிச்சிக்கும் பொருத்துவது பிழை. ஏனெனில் லிச்சியின் பழுத்த சதையிலும் இந்நச்சுகள் காணப்பட்டுள்ளன.

எனவே லிச்சிப் பருவத்தில் தோப்புகளை அடுத்து வாழும் சிறு குழந்தைகளுக்கு அதிகம் பழம் தராமலும், இரவில் வயிறார உணவூட்டாமல் உறங்கவிடாமலும் இருக்க வேண்டும். விடியலில் வலிப்போடு வரும் குழந்தைக்கு மருத்துவர் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, குறைந்திருந்தால் மற்றச் சோதனைகளின் முடிவுக்குக் காத்திராமல் உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.