பாறை உடைக்கும் சத்தம்: பக்கத்து வீட்டார்களுக்கு ஒரு பதில்

வடசேரி, நாகர்கோவில்

மதிப்பிற்குரிய தெருவாசிகளுக்கு,

நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை இட உரிமையாளர் என்னிடம் தந்தார். வேலையை நடத்தும் பொறியாளர் நான்தான் என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் நானே. மாநகராட்சிக்கும் ஒரு நகல் கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிலின் நகலும் அங்கே போகிறது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெடி வைக்கப்போகிறோம் என்று தெருவில் பேச்சு இருக்கிறது. வைக்கமாட்டோம். அதற்கு உரிமமும் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. வீடுகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது செய்கிற காரியமும் அல்ல.

நாகர்கோவிலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு மனையில் ஆள் உயரம் தோண்டினாலும் செம்மண்ணாகவே வரும். அடுத்த மனையில் இரண்டு மண்வெட்டி போட்டதும் பாறையில் ‘ணங்’ என்று இடிக்கும். எங்கள் மனையில் இரண்டும் உண்டு. ரோட்டுப் பக்கம் மண். பின்னால், டீச்சர் வீட்டுப் பக்கம் போகப் போகப் பாறை மேலேறி வருகிறது. ஒரு தூண் மண்ணிலும் இன்னொரு தூண் பாறையிலும் நின்றால் கட்டடம் ஒருச்சாய்ந்து இறங்கும். அதனால் பின்பக்கப் பாறையைச் சமமாக வெட்டி இறக்காமல் வேறு வழியில்லை. நீங்கள் கேட்கிற சத்தம் ஹிட்டாச்சியின் கையில் மாட்டிய பிரேக்கர் அந்தப் பாறையைக் கொத்துகிற சத்தம்.

அதிர்வைப் பற்றிச் சொல்கிறேன். அலமாரியில் டம்ளர்கள் நடுங்குகின்றன, தரையில் கால் வைத்தாலே தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை. தரை ஒரு நொடியில் எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்பதுதான் அதிர்வின் அளவு. அந்த வேகம் 0.3 ஆனாலே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். 1 ஆனால் புகார் வரும் என்று கட்டுமானத் தளங்களுக்கான பிரிட்டிஷ் விதிநூலே சொல்கிறது. ஆனால் சுவரைப் பாதிக்கிற அளவு இதற்கு வெகு மேலே இருக்கிறது. சாதாரண வீடுகளின் அடித்தளத்தில் 5-ஐத் தாண்டக்கூடாது, பழைய, நொய்ந்த கட்டடங்களுக்கு 3-ஐத் தாண்டக்கூடாது என்பது ஜெர்மன் தர அளவு. மெதுவான அதிர்வுக்குச் சொன்ன எண்கள் இவை. வேகமாகத் துடிக்கும் அதிர்வுக்கு இன்னும் கூடுதலாகவே அனுமதிக்கிறார்கள். குவாரி வெடிகளுக்காக நம் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வகுத்த அளவிலும் வீடுகளுக்கு ஆகக் குறைந்த வரம்பு 5-தான். டீச்சர் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஓட்டு வீடு என்பதால் நாங்கள் 3-ஐ எடுத்துக்கொண்டோம். 2-ஐத் தொட்டாலே வேலையை நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம்.

டீச்சர் அனுமதித்ததால் அவர் வீட்டுச் சுவரடியில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பிரேக்கர் 15 மீட்டர் தள்ளி நின்று கொத்தியபோது 0.9 காட்டியது. 10 மீட்டருக்கு வந்தபோது 1.6. டம்ளர் நடுங்க இது தாராளம். சுவருக்கு ஒன்றும் ஆகாது. அப்போதே கதவை யாரோ அடித்துச் சாத்தினார்கள், முள் அதைவிட மேலே போனது. இதைச் சொல்லி உங்களை மடக்க நினைக்கவில்லை. கதவு ஒருமுறை சாத்தினால் முடிந்தது, பிரேக்கர் மணிக்கணக்கில் அடிக்கிறது. உடம்புக்குத் தொல்லை என்பதும் சுவருக்குச் சேதம் என்பதும் வேறு வேறு கணக்கு. முதல் கணக்கில் நீங்கள் சொல்வதுதான் சரி.

இரண்டாவது கணக்கிலும் எங்களுக்கு ஒரு எல்லை தெரிந்தது. தூரம் பாதியானால் அதிர்வு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பாறை விளிம்பு டீச்சர் வீட்டிலிருந்து 5 மீட்டர் வரை வருகிறது. அங்கே பிரேக்கரை நிறுத்தினால் 1.6 என்பது நான்கரையைத் தொடும். அதனால் எந்த வீட்டுச் சுவரிலிருந்தும் 10 மீட்டருக்குள் பிரேக்கர் வராது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம், மாடியில் நின்று பார்த்தாலே தெரியும்.

கோட்டுக்கு உங்கள் பக்கம் உள்ள பாறையை மருந்து ஊற்றிப் பிளக்கிறோம். மருந்து என்றதும் வெடிமருந்து என்று நினைக்க வேண்டாம். சுட்ட சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட தூள் அது. பாறையில் 40 மில்லிமீட்டர் அகலத் துளைகளை ஒன்றரை அடிக்கும் குறைந்த இடைவெளியில் வரிசையாகப் போட்டு, தூளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து ஊற்றுகிறோம். சுண்ணாம்பு தண்ணீரை உறிஞ்சிப் பெருகுகிறது. துளைக்குள் பெருக இடம் இல்லாததால் நாலாபுறமும் நெருக்குகிறது. நசுக்கினால் எவ்வளவும் தாங்குகிற கரும்பாறை, இழுத்தால் தாங்காது. ஒரு நாளுக்குள் துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடிவிடும். பிறகு ஹிட்டாச்சியின் பக்கெட்டால் நெம்பி எடுத்தால் போதும். பாறை நகர்வதற்கு ஒரு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் பள்ளத்து ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகத்தான் போக முடியும். வேலை நீளுவதற்கு அதுவே காரணம்.

அந்த விரிசல் உங்கள் வீட்டுக்கு அடியிலும் ஓடிவிடாதா என்று கீழ வீட்டுப் பாட்டா கேட்டார். நல்ல கேள்வி. எல்லையை ஒட்டி முதலில் நெருக்க நெருக்கமாக வெறும் துளைகள் போடுகிறோம். அவற்றில் எதுவும் ஊற்றுவதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிற விரிசல் அந்த வெற்றுத் துளையில் வந்து நின்றுவிடும்.

மருந்தைச் சாயங்காலம் ஊற்றுவதைப் பார்த்து ராத்திரியிலும் ஏதோ வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் காய்ந்த பாறையில் ஊற்றினால் வினை சீக்கிரமே மூண்டு, துளையிலிருந்து கூழ் சூடாகப் பீறிட்டு மேலே தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றித் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம், காவலாளியும் இருக்கிறார். பிள்ளைகள் பந்து எடுக்க வேலிக்குள் வருகிறார்கள். தயவுசெய்து சொல்லி வையுங்கள். பந்தை நாங்களே எடுத்துத் தருகிறோம்.

இனி சத்தம். இதில் என்னால் பெரிய வாக்குறுதி தர முடியாது. பிரேக்கரின் சத்தம் 15 மீட்டரில் ஏறக்குறைய 90 டெசிபல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 என்றும் இரவில் 45 என்றும் சொல்கின்றன. அதைவிடப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் உரிய அதிகாரியிடம் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் கட்டியிருக்கும் தடுப்பு இரண்டு தகரத்துக்கு நடுவே ராக்வூல் பஞ்சு வைத்தது. வெறும் தகரம் மட்டும் அடித்தால் அதுவும் சேர்ந்து அதிர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அடியில் இடைவெளி இல்லாமல் மண் அணைத்திருக்கிறோம். இவ்வளவு செய்தும் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குப் பத்து டெசிபல் குறைந்தால் அதிகம். மாடி வீடுகளுக்கு அதுகூட இல்லை, சத்தம் தடுப்பின் தலைக்கு மேலே போய்விடுகிறது. மாடியில் இருப்பவர்கள் ‘தகரம் கட்டி என்ன பிரயோஜனம்’ என்று கேட்டது நியாயம்.

ஆகவே குறைக்க முடிந்தது நேரத்தைத்தான். பிரேக்கர் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, பிறகு மூன்று முதல் ஐந்து வரை. துளை போடும் மெஷினும் அதே நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரம் மட்டுமல்ல, நாள் முழுவதும் இல்லை. பிளஸ் டூ எழுதும் பெண் இருக்கிற வீட்டிலிருந்து பரீட்சை அட்டவணை வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தைய நாள் மத்தியானத்துக்கு மேல் பிரேக்கர் ஓடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான எந்திரம் எதையும் ஓட்டக்கூடாது என்பது 2010 முதல் விதியிலேயே இருக்கிறது. கான்கிரீட் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் இணைப்பு பலவீனமாகும். அதனால் பெரிய கான்கிரீட்டை இரண்டாகப் பிரித்து, காலை ஏழுக்குத் தொடங்கிப் பொழுது சாயுமுன் முடிக்கிற அளவுக்கு மட்டுமே ஊற்றுவோம். ஜெனரேட்டரை ரோட்டுப் பக்கம் மாற்றிவிட்டோம்.

டீச்சர் வீட்டு விரிசலுக்கு வருகிறேன். வேலை தொடங்குமுன் எல்லா வீட்டுச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி தந்திருக்கிறோம். ஜன்னலுக்கு மேலே சாய்வாகப் போகும் விரிசல் அந்தப் படத்திலேயே இருக்கிறது. உள்ளே பெயின்ட் இறங்கியிருக்கிறது, சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. புது விரிசலுக்குள் அப்படி இருக்காது, விளிம்பு கூர்மையாகவும் வெளுப்பாகவும் இருக்கும். ஆனால் பழைய ஓட்டு வீடும் பிறகு கட்டிய கான்கிரீட் அறையும் சேரும் இடத்தில் இருக்கும் மெல்லிய கோடு படத்தில் இல்லை. வெயிலில் 20 டிகிரி சூடேறினால் பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் கூரை இரண்டு மில்லிமீட்டர் நீளும். அந்த இணைப்பில் இது வழக்கம். ஆனால் எங்கள் வேலையால் வரவில்லை என்று அதை வைத்து நான் சாதிக்கப்போவதில்லை. கோட்டின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதியிருக்கிறோம். பக்கத்தில் அளவுக் கோடுகள் உள்ள பிளாஸ்டிக் பட்டையும் உண்டு. காலையிலும் மத்தியானமும் பார்த்துக் குறித்து வையுங்கள். மத்தியானம் விரிந்து காலையில் பழைய இடத்துக்கே வந்தால் அது வெயில். திரும்பி வராமல் நாளுக்கு நாள் ஒரே பக்கமாகக் கூடினாலோ கண்ணாடி உடைந்தாலோ அன்றே வேலை நிற்கும். எங்களால் வந்தது என்று தெரிந்தால் பூசித் தருவது உரிமையாளரின் செலவு, எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தில் யாரும் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயப்படுவது பிரேக்கருக்கு அல்ல, மழைக்கு. பாறைக்கு மேலே நிற்கும் மண், பள்ளத்தின் ஓரத்தில் நனைந்து நழுவினால் மதில் சுவரும் கூடவே போகும். அதற்குச் சத்தமே இருக்காது, மீட்டரும் காட்டாது. நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் மதிலை ஒட்டி ஒரு மீட்டர் மண்ணைத் தொடாமல் விட்டிருக்கிறோம். அதற்கப்பால் சரிவாக வெட்டி மணல் மூட்டை அடுக்கியிருக்கிறோம். உங்கள் பக்கம் மதிலோரம் தரையில் நீளவாக்கில் கோடு போல வெடிப்பு தெரிந்தாலோ, கேட் திடீரென்று இறுகினாலோ, ராத்திரி ஆனாலும் காவலாளியைக் கூப்பிடுங்கள். இரண்டு வீடுகளின் கூரைத் தண்ணீர் இப்போது எங்கள் பக்கம் விழுகிறது. மழைக்கு முன் அதற்கு ஒரு குழாய் போட்டு ரோட்டு ஓடைக்குத் திருப்ப வேண்டும்; செலவு எங்களுடையது. வருகிற சனிக்கிழமை காலை பிளம்பரோடு வருகிறேன், அந்த இரண்டு வீட்டிலும் யாராவது இருந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
தளப் பொறியாளர்