நன்றி சொன்ன குறிப்பில் விடுப்பு ஏன் தொலைந்தது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் டிஸ்பாட்ச் பிரிவின் சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னுடன் எட்டுப் பேர்: பேக்கிங்கில் மூவர், ஸ்டோர்ஸில் மூவர், லோடிங்கில் இருவர். லோடிங் இருவரும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். ஜூனில் ஓர் ஏற்றுமதி ஆர்டருக்காக 8 முதல் 11-ஆம் தேதி வரை நான்கு நாளும் மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றார்கள். 14-ஆம் தேதி ஞாயிறன்றும் முழு ஷிப்ட் பார்த்து கண்டெய்னரை அனுப்பினார்கள். அடுத்த நாள் வழக்கம்போல வேலை. அந்த வாரம் யாருக்கும் ஓய்வு இல்லை.

திங்கள் காலை வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய குறிப்பு இது: “எல்லோருக்கும் மிக்க நன்றி. கடுமையாக உழைத்தீர்கள். கூடுதல் நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு நாள் காம்ப் ஆஃப் உண்டு. வேலை குறையும்போது எடுத்துக்கொள்ளலாம்.”

இப்போது ஆகஸ்ட். பேக்கிங் மூவரும் இரண்டு நாளும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கு அது தற்செயல் விடுப்பில் கழிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டோர்ஸ் மூவருக்கு இன்னும் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. லோடிங் இருவரிடம் ஒப்பந்தக்காரர், “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்று கைவிரித்துவிட்டார். நல்ல மனதோடுதான் எழுதினேன். எங்கே தவறியது? எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: உங்கள் குறிப்பில் நன்றி இருக்கிறது, விடுப்பு இல்லை. “வேலை குறையும்போது” என்பது எந்த மஸ்டரிலும் பதிய முடியாத தேதி. டிஸ்பாட்ச் பிரிவில் வேலை குறைவதும் இல்லை. அதனால் கேட்கத் துணிந்தவர் எடுத்துக்கொண்டார், கேட்கக் கூச்சப்பட்டவர் காத்திருக்கிறார். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

மாலை நேரக் கூடுதல் வேலையையும் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் ஒரே பைக்குள் போட்டு “இரண்டு நாள்” என்று கட்டிவிட்டீர்கள். சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு. நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதி. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலிதான். அதைப் பணமாகத்தான் தர வேண்டும். விடுப்பைக் கொடுத்து அந்தக் கணக்கை மூட முடியாது. ஈடுசெய் விடுப்பு என்பது பறிபோன வார ஓய்வுக்கு மட்டும் உரியது.

உங்கள் ஆட்களின் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80, இரட்டிப்பாக 160. நான்கு மாலைகளில் அவர் பார்த்தது 8 மணி நேரம். அந்த வாரம் மொத்தம் 56 மணி நேரம் ஆகிறது, அதாவது 48-க்கு மேல் 8. அதற்கு அவருக்குச் சேர வேண்டியது 1,280 ரூபாய். நீங்கள் அதற்குப் பதில் கொடுக்க நினைத்த ஒரு நாள் விடுப்பின் மதிப்போ 640 ரூபாய்தான். நன்றி சொல்லும் குறிப்பிலேயே ஆளுக்குப் பாதிக்கூலி குறைந்துபோனது. அதை நீங்களும் கவனிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அடுத்து ஞாயிறு. தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரம் என்பது சனி நள்ளிரவில் தொடங்கியது. ஆகவே 14-ஆம் தேதி ஞாயிறு, 20-ஆம் தேதி சனியோடு முடியும் வாரத்தின் முதல் நாள். ஞாயிறன்று ஒருவரை வேலைக்கு அழைத்தால், அதற்கு முந்தைய மூன்று நாள்களிலோ பிந்தைய மூன்று நாள்களிலோ ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆய்வாளர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. எப்படி மாற்றினாலும் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஒருவரை ஓய்வின்றி நிறுத்தக் கூடாது என்றும் இருந்தது. இந்த ஓய்வு விதிகள் எல்லாம் 1948 சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இருந்தவை. உங்கள் ஆட்கள் 8-ஆம் தேதி திங்கள் முதல் 20-ஆம் தேதி சனி வரை ஒரு நாளும் விடாமல் வந்திருக்கிறார்கள். பதின்மூன்று நாள்! கனமான பம்ப்செட்டுகளைத் தூக்கி இறக்கும் லோடிங் ஆட்களுக்கு இது வெறும் சட்ட மீறல் மட்டுமல்ல. முதுகும் கையும் தளரும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது.

இதில் நிறுவனத்துக்கும் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. பல மேலாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. 16 அல்லது 17-ஆம் தேதி அவர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தால், ஞாயிறு 8 மணி நேரத்தோடு மீதி ஐந்து நாளும் சேர்ந்து அந்த வாரம் சரியாக 48 மணி நேரத்தில் நின்றிருக்கும். ஞாயிறுக்கு இரட்டைக் கூலி என்ற பேச்சே வந்திருக்காது. ஓய்வைத் தள்ளிப்போட்டதால் அந்த வாரமும் 56 மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது ஞாயிறு வேலைக்கு இன்னொரு 1,280 ரூபாயும் தர வேண்டும், விடுப்பும் தர வேண்டும். விடுப்பை உடனே தருவதுதான் நிறுவனத்துக்கு மலிவு.

ஆகவே அந்த வாரத்தைத் திரும்ப நடத்துவதாக இருந்தால், வேலை சனிக்கிழமையே தொடங்குகிறது. 13-ஆம் தேதி மதியத்துக்குள் பணியாளர் பிரிவிடம் போய் மூன்று விஷயங்களுக்கு ஒப்புதல் வாங்குங்கள்: யார் யாருக்கு எந்த நாள் ஓய்வு, மஸ்டரில் அதை எந்தக் குறியீட்டில் பதிவது, மாலை நேர ஓவர்டைம் எந்தச் சம்பளத்தில் வரும். ஒப்புதல் இல்லாமல் சூப்பர்வைசர் எழுதித் தரும் வாக்கு, கணினியில் பதியும்போது காணாமல் போகும். உங்கள் பேக்கிங் ஆளுக்கு ஈடுசெய் விடுப்பு தற்செயல் விடுப்பாக மாறியது இப்படித்தான் இருக்க வேண்டும். குறியீடு சொல்லப்படாததால் பதிந்தவர் கைக்கு வந்ததைப் பதிந்திருப்பார். அதே சமயம் ஆட்களிடமும் கேளுங்கள். ஒருவருக்குச் செவ்வாய் வசதி, இன்னொருவருக்குப் புதன்தான் முடியும் என்றிருக்கும். எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரித்தால் பிரிவும் நிற்காது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக இதே வாரத்தில் ஒப்பந்தக்காரருக்கு ஒரு தனிக் கடிதம் போக வேண்டும். உங்கள் நன்றிக் குறிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் கூலி தரத் தவறினால், தர வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான உங்கள் ஆலையின் மேல் விழும். இதை மேலாளரிடம் எடுத்துச் சொன்னால் கடிதம் அன்றே போகும்.

இத்தனையும் முடிந்தபின் திங்கள் காலை எழுத வேண்டியது சின்னக் குறிப்புதான்:

> “டிஸ்பாட்ச் பிரிவு நண்பர்களுக்கு,
>
> ஏற்றுமதி கண்டெய்னர் நேற்று நேரத்துக்குப் புறப்பட்டது. நான்கு மாலைகள் நின்று பேக்கிங்கை முடித்ததும், ஞாயிறன்று எட்டுப் பேரும் வந்து லோடிங்கை முடித்ததும்தான் அதற்குக் காரணம். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.
>
> ஜூன் 14 ஞாயிறு வேலைக்கு ஈடான ஒரு நாள் ஓய்வு: பேக்கிங் மூவர், லோடிங்கில் ஒருவர் – ஜூன் 16 செவ்வாய். ஸ்டோர்ஸ் மூவர், லோடிங்கில் இன்னொருவர் – ஜூன் 17 புதன். இது உங்கள் தற்செயல் விடுப்பிலோ ஈட்டிய விடுப்பிலோ கழியாது.
>
> ஜூன் 8 முதல் 11 வரை பார்த்த 8 மணி நேர ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி ஜூன் மாதச் சம்பளத்தில் சேரும்.
>
> பணியாளர் பிரிவு ஒப்புதல் அளித்துள்ளது. பதிவில் ஏதேனும் தவறு தெரிந்தால் இந்த வாரத்துக்குள் என்னிடம் சொல்லுங்கள்.”

“பேக்கிங் மூவர்” என்று நான் எழுதிய இடங்களில் நீங்கள் பெயர்களையே எழுதுங்கள். தன் பெயருக்கு நேரே ஒரு தேதி இருப்பதைப் பார்த்தவர் வீட்டில் திட்டமிடுவார், குழந்தையின் பள்ளிக்கோ ஊருக்கோ போய் வருவார்.

நன்றியையும் விடுப்பையும் தனித்தனிப் பத்தியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். “நன்றாக உழைத்ததால் விடுப்பு தருகிறோம்” என்று சேர்த்து எழுதினால், விடுப்பு உங்கள் தயவு போலாகிவிடும். தயவாகக் கிடைப்பதை யாரும் நெருக்கிக் கேட்க மாட்டார்கள். ஸ்டோர்ஸ் மூவரும் இரண்டு மாதம் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நன்றியில் அவர்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். “கடுமையாக உழைத்தீர்கள்” என்பதை யாரிடமும் சொல்லலாம். “நான்கு மாலைகள் நின்று பேக்கிங்கை முடித்தீர்கள்” என்பதை அதைச் செய்தவர்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு ஒரு அச்சுப் பிரதியைப் பலகையிலும் ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர் இருந்தால், ஷிப்ட் தொடங்கும் முன் அவர்களுக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

தேசிய, பண்டிகை விடுமுறை நாளில் அழைத்தால் கணக்கு வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, அன்று வேலை பார்த்தவர் இரட்டைக் கூலி பெறுவதா, அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை பெறுவதா என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். தேர்வு தொழிலாளியுடையது. அந்தக் குறிப்பை அவரைக் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும்.

இனி நடந்ததைச் சரிசெய்யும் வழி. பறிபோன வார ஓய்வுக்கு ஈடான விடுப்பை அந்த மாதத்துக்குள்ளோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் உள்ள கெடு. உங்கள் ஜூன் 14-க்கு அந்தக் கெடு ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. இந்த வாரமே பணியாளர் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள்: ஸ்டோர்ஸ் மூவருக்கும் லோடிங் இருவருக்கும் தலா ஒரு நாள், தேதியுடன், பேக்கிங் ஆளின் தற்செயல் விடுப்பைத் திரும்பச் சேர்த்தல், எட்டுப் பேருக்கும் மாலை 8 மணி நேரமும் ஞாயிறு 8 மணி நேரமுமாக 16 மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி நிலுவை. மேலே போட்ட கணக்கில் அது ஆளுக்கு 2,560 ரூபாய். பேக்கிங் மூவர் கூடுதலாக எடுத்த இரண்டாவது நாளைப் பிடித்தம் செய்ய வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். உங்கள் எழுத்தை நம்பித்தான் அவர்கள் அதை எடுத்தார்கள்.