இந்தியப் படம் ஏன் அகன்று போகிறது? வரைபடம் வரையத் தொடங்குவோருக்கு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகைத் தோல் தொழில் ஊர்களுக்கு வரைபடம் வரைய இளையவர்கள் பலர் வருகிறீர்கள். உங்களில் பலரிடமும் ஒரே குறையைப் பார்க்கிறேன். மாவட்டப் படம் சரியாக இருக்கிறது, தமிழ்நாடும் சரியாக இருக்கிறது. ஆம்பூரோடு கான்பூர், கொல்கத்தா, ஜலந்தரையும் சேர்த்து இந்தியாவின் தோல் தொழில் மையங்களைக் காட்டச் சொன்னால் மட்டும், நாட்டின் வடபாதி பக்கவாட்டில் பருத்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1. ஊர்ப்படம் சரியாக வந்துவிட்டதால் வரைந்த முறையும் சரி என்று நினைக்காதீர்கள்.

QGIS-இல் ஒரு கோப்பைத் திறந்ததும் கீழ்மூலையில் பெரும்பாலும் EPSG:4326 என்று இருக்கும். புரொஜெக்‌ஷன் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே அதற்குப் பொருள். ஒரு டிகிரி அட்சத்தையும் ஒரு டிகிரி தீர்க்கத்தையும் அது ஒரே நீளத்தில் வரைந்து காட்டுகிறது. பூமியில் அவை சமமல்ல. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிக்கொண்டே போகின்றன. 10 டிகிரி தீர்க்கம் ஆம்பூரில் சுமார் 1,086 கிலோமீட்டர். ஜலந்தரில் அதே 10 டிகிரி சுமார் 952 கிலோமீட்டர்தான். படத்தில் இரண்டும் ஒரே நீளமாக இருந்தால், ஜலந்தரை யாரோ இழுத்து அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று அறியுங்கள்.

ஆம்பூர் 12.8 டிகிரியில் இருப்பதால் இங்கே அந்தப் பிழை இரண்டரை விழுக்காடுதான். கண்ணுக்குத் தெரியாது. கன்னியாகுமரியில் ஒரு விழுக்காடு. தமிழ்நாடு முழுவதும் இந்தச் சிறிய பிழைக்குள் அடங்கிவிடுகிறது. லடாக்கின் வடகோடியில் அதே பிழை 25 விழுக்காடு. கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ கைபழகியவர்கள் இந்தப் பிழையைத் தாமதமாகக் கண்டுகொள்வதற்குக் காரணம் இதுதான்.

2. பிழையே இல்லாத படத்தைத் தேடாதீர்கள். எந்தப் பிழை எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

காலணித் தொழிற்சாலையில் பேட்டர்ன் மாஸ்டரின் வேலையை ஒருமுறை நின்று பாருங்கள். லாஸ்ட் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்து, அட்டைமேல் தட்டையாக்குவார். அது தானாகப் படியாது. ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் வெட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த இடத்தின் அளவு மாறக்கூடாது, எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று அவர் தீர்மானித்த பிறகே அட்டையை வெட்டுகிறார். உருண்டையான பூமியைத் தாளில் விரிப்பதும் அதே கணக்குத்தான். வடிவம், பரப்பு, தொலைவு மூன்றையும் எல்லா இடத்திலும் ஒரே சமயம் காப்பாற்றும் தட்டையான படம் கிடையாது.

3. முதலில் சட்டத்தை அளந்து பாருங்கள்.

பள்ளியில் படித்த எண்களே இதற்குப் போதும். இந்தியா 8°4' முதல் 37°6' வடக்கு வரை, 68°7' முதல் 97°25' கிழக்கு வரை பரவியிருக்கிறது. டிகிரிக் கணக்கில் உயரமும் அகலமும் ஏறத்தாழ 29, 29. கிலோமீட்டரிலோ வடக்கு-தெற்கு 3,214, கிழக்கு-மேற்கு 2,933. அதாவது நாடு அகலத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயரம் கூடியது. படத்தின் அகலத்தை 20 சென்டிமீட்டர் வைத்தால் உயரம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் வரவேண்டும். உங்கள் படத்தில் 19.8 வந்தால், டிகிரியை அப்படியே வரைந்திருக்கிறீர்கள். ஸ்கேல் வைத்து அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அச்சுக்குப் போகும்முன் செய்துவிடுங்கள்.

4. அந்தச் சோதனையில் தேறியதும் நிம்மதியடையாதீர்கள்; மெர்கேட்டர் அதில் தப்பிவிடும்.

கைபேசி வரைபடங்களின் அடித்தளமான EPSG:3857-ஐ வைத்து வரைந்தால், 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு உயரம் ஏறத்தாழ 21.8 வரும். மொத்த அளவு பொருந்திவிட்டதுபோல் தோன்றும். உள்ளே பார்த்தால் தென்னிந்தியா சிறுத்து, வடக்கு வீங்கியிருக்கும். மெர்கேட்டர் வடக்கே போகப்போக அகலத்தோடு உயரத்தையும் சேர்த்து நீட்டுகிறது. அதனால் சிறிய இடங்களின் வடிவம் கெடாது, பருமன் மட்டும் கெடும்.

இதைக் கண்டுபிடிக்க வட்டச் சோதனை செய்யுங்கள். ஆம்பூரைச் சுற்றியும் ஜலந்தரைச் சுற்றியும் 100 கிலோமீட்டர் ஆரத்தில் ஒவ்வொரு வட்டம் போடுங்கள். டிகிரிப் படத்தில் ஜலந்தர் வட்டம் முட்டைபோல் பக்கவாட்டில் 17 விழுக்காடு அகன்று கிடக்கும். மெர்கேட்டரில் இரண்டும் வட்டமாகவே இருக்கும், ஆனால் ஜலந்தர் வட்டத்தின் பரப்பு ஆம்பூர் வட்டத்தைவிட 30 விழுக்காடு அதிகம். நல்ல படத்தில் இரண்டும் வட்டமாகவும் ஒரே அளவாகவும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வட்டத்தை டிகிரிக் கோப்பின் மேலேயே Buffer கொடுத்து வரையாதீர்கள். அது டிகிரியில் வட்டம் போட்டு, பிழையை மறைத்துவிடும். ஆம்பூர் வட்டத்தை EPSG:32644-இலும், ஜலந்தர் வட்டத்தை EPSG:32643-இலும் மீட்டர் கணக்கில் போட்டு, பிறகு உங்கள் படத்துக்குள் கொண்டுவாருங்கள்.

5. இந்தியா முழுவதையும் காட்டக் கூம்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1772-இல் லாம்பர்ட் வெளியிட்ட கூம்பு முறையில், பூமியின்மேல் ஒரு கூம்பைக் கவிழ்த்து, இரண்டு அட்சக்கோடுகளில் அது பூமியை வெட்டுவதாக வைத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு கோடுகளிலும் அளவு துல்லியம். இடையில் சற்றுச் சுருங்கும், வெளியே சற்று நீளும். இந்தியா போல நடு அட்சங்களை ஒட்டிக் கிடக்கும் நாட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டு கோடுகளை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: மொத்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கை மேலிருந்தும் கீழிருந்தும் உள்ளே தள்ளி வைக்கவேண்டும். 29 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு ஏறத்தாழ 5. எட்டோடு ஐந்தைக் கூட்டினால் 13, முப்பத்தேழில் ஐந்தைக் கழித்தால் 32. பதின்மூன்றாவது அட்சம் வேலூருக்குப் பக்கத்திலேயே போகிறது. முப்பத்திரண்டு ஜலந்தருக்குச் சற்று வடக்கே. ஆகவே நம் இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். கான்பூரும் கொல்கத்தாவும் இருக்கும் நடுப்பகுதி ஒன்று, ஒன்றரை விழுக்காடு சுருங்கும். கன்னியாகுமரியிலும் லடாக்கின் உச்சியிலும் இரண்டு விழுக்காடுவரை நீளும். 25 விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

```
+proj=lcc +lat_1=13 +lat_2=32 +lat_0=22 +lon_0=82.5 +datum=WGS84 +units=m
```

இதை எழுதச் சோம்பலாக இருந்தால், இந்தியாவுக்கென்றே அமைந்த EPSG:7755-ஐத் தேர்ந்தெடுங்கள். அதுவும் லாம்பர்ட் கூம்புதான். அதன் தெற்குக் கோடு 12°28', அதாவது திருப்பத்தூரை ஒட்டிப் போகிறது. வடக்குக் கோடு 35°10'.

QGIS-இல் இதை Project Properties-இல் மாற்றுங்கள். கோப்பின்மேல் Set Layer CRS கொடுத்துவிடாதீர்கள். அது எதையும் மாற்றி வரையாது. உள்ளே இருக்கும் டிகிரி எண்களை மீட்டர் என்று நம்பச் சொல்லும். நாடு முழுவதும் 29 மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி, திரையிலிருந்து மறைந்துவிடும். படம் காணாமல் போனால் முதலில் அங்கே தேடுங்கள். கோப்பையே நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்:

```
ogr2ogr -t_srs EPSG:7755 india_lcc.gpkg india.gpkg
```

6. கூம்பு என்றால் எந்தக் கூம்பும் ஆகாது, நடுக்கோட்டைப் பாருங்கள்.

பட்டியலில் தேடும்போது ஆசியாவுக்கான லாம்பர்ட் கூம்பு ஒன்று, ESRI:102012, கண்ணில் படும். இந்தியா ஆசியாவில்தானே என்று எடுத்துவிடுவார்கள். அதன் நடுக்கோடு 105° கிழக்கு, நமக்கு வெகு தொலைவு. அந்தக் கூம்பில் வேலூரின் வடதிசை தாளின் மேல்திசையிலிருந்து ஏறத்தாழ 19 டிகிரி வலப்பக்கம் சாய்ந்துவிடும். கன்னியாகுமரி இடப்புறம் விலகிப்போய், தீபகற்பம் விழப்போகும் தூண்போல நிற்கும். எந்த வாசகரும் அதை இந்தியா என்று ஒரே பார்வையில் ஏற்றுக்கொள்ள மாட்டார். நடுக்கோட்டை 80° அல்லது 82.5°-இல் வையுங்கள். இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை.

7. வாசகரின் கண்ணுக்குப் பழகிய படம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் இந்தியாவின் உருவத்தைப் பள்ளிச் சுவரில் தொங்கிய படத்திலிருந்தும் அட்லஸிலிருந்தும்தான் மனத்தில் பதித்துக்கொண்டோம். அவற்றில் அட்சக்கோடுகள் வளைந்திருக்கும், அருணாசலப் பிரதேசம் சற்று மேல்நோக்கி எழும்பியிருக்கும், நாடு நெட்டையாகத் தெரியும். கூம்பு முறை அதையே தருகிறது. இங்கே சரியான அளவும் பழகிய தோற்றமும் ஒத்துப்போவது நம் நல்லூழ்.

எல்லைக்கோடு வேறு விஷயம். வெளிநாட்டுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளில் ஜம்மு காஷ்மீர், லடாக் பகுதிகள் வெட்டுப்பட்டு வரும். அதை எந்தப் புரொஜெக்‌ஷனாலும் சரிசெய்ய முடியாது. இந்திய நில அளவைத் துறையின் எல்லைக்கோட்டையே வையுங்கள். மாறான எல்லையை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

மாவட்டங்களுக்கோ இன்னும் பழகிய முகமே இல்லை. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பலருடைய மனத்தில் பழைய பெரிய உருவம்தான் இன்னும் நிற்கிறது. மாவட்டப் படத்தில் வடிவத்தை நம்பாமல் பாலாற்றையும், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையையும், ரயில் பாதையையும் போட்டுக்கொடுங்கள். வாசகர் அவற்றைப் பிடித்துக்கொண்டு தன் ஊரைக் கண்டுபிடிப்பார்.

8. கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பரப்பளவில் விட்டுவிடாதீர்கள்.

ஊர்ப்படத்தில் வடிவம் கெடாது என்று முதலிலேயே சொன்னேன். பரப்பு கெடும். ஆம்பூர்ப் பக்கம் தோல் கழிவுநீரால் கெட்ட நிலத்தை, கைபேசிப் படத்தின் EPSG:3857-இல் தாள்கணக்காக அளந்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். 100 ஹெக்டேர் ஏறத்தாழ 106 ஆகிவிடும். இழப்பீட்டுக்கோ ஆய்வறிக்கைக்கோ போகும் எண் அது. அளப்பதற்கு EPSG:32644-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 78° முதல் 84° வரை உள்ள நிலம் அதற்குள் அடங்கும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டைவரை எல்லா ஊரும் அதற்குள் வரும். ஓசூரையும் பெங்களூரையும் சேர்த்தால் அவை 78°-க்கு மேற்கே இருப்பதால் 32643-க்குள் போய்விடும். அந்தப் பகுதியை அந்த எண்ணிலேயே தனியாக அளந்து, ஹெக்டேரில் கூட்டிக்கொள்ளுங்கள்.