மேடைக்குக் கல், குளியலறைத் தரைக்கு டைல்ஸ்

அன்புள்ள வாசகருக்கு,

சிங்கப்பெருமாள் கோவிலில் கட்டும் வீட்டுக்குச் சமையலறையிலும் குளியலறையிலும் டைல்ஸ் போடுவதா, கல் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். எழுபதைத் தாண்டிய அம்மா உங்களோடு இருப்பார் என்றும், போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். என் பதில் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

முதலில் சமையல் மேடை. விலை குறைவு என்று மேஸ்திரி கடப்பா கல்லைச் சொல்கிறார். கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை, தயிர் எது சிந்தினாலும் அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். அந்த இடம் மங்கித் தழும்பாகிவிடும். அது கறை அல்ல, கல்லே கரைந்த தடம். தேய்த்துக் கழுவினால் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. மார்பிளுக்கும் இதே கதிதான். கிரானைட் வேறு வகைக் கல், புளிக்கரைசல் அதை ஒன்றும் செய்யாது. எனவே மேடைக்குக் கிரானைட் போடுங்கள். கடப்பாவை மேடைக்குக் கீழே அலமாரித் தட்டாக வைத்துக்கொள்ளலாம், அங்கே அது நன்றாக உழைக்கும்.

கடையில் கல்லை வாங்குமுன் பாலிஷ் போட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டு, கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சாய்த்துப் பார்க்கும்போது வட்டமாக மங்கல் தெரிந்தால் அது சுண்ணாம்பு வகைக் கல். கறுப்புக் கிரானைட் என்றால் இன்னொரு சோதனையும் தேவை. நெயில் பாலிஷ் ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

மேடைக்கு டைல்ஸ் வேண்டாம் என்பேன். டைல் கெடாது, ஆனால் ஜாயிண்டுகளில் மஞ்சளும் எண்ணெயும் ஏறிவிடும்.

குளியலறையில் கணக்கு மாறுகிறது. அங்கே கல்லா டைல்ஸா என்பதைவிட மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்பதே முக்கியம். உங்கள் ஊர் நரசிம்மர் கோவில் பாறையைக் குடைந்தது. குன்றைச் சுற்றித்தான் வலம் வருகிறோம். அங்கே பாலிஷ் படாத கல்லில் வெறுங்கால் பிடித்து நிற்கும். அதே கல்லைப் பாலிஷ் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் அம்மாவுக்கு ஆபத்து. கல்தான் வேண்டும் என்றால், நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கிரானைட் கேளுங்கள். ஆனால் அதன் குழிகளில் உப்பும் சோப்பும் தங்கும், வாரம் தவறாமல் பிரஷ் போட வேண்டும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒரு அடிக்கு ஒரு அடி மேட் விட்ரிஃபைட் டைல். விட்ரிஃபைட் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவர் டைலின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிவிடும், அதைத் தரைக்குப் போடக் கூடாது. பெட்டியில் ஆர்-10, ஆர்-11 என்று போட்டிருப்பது எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து அளந்தது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் உண்டு; குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது பி கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால் சாம்பிள் டைலைத் தரையில் வைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, எதையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

சின்ன டைல் கேட்பதற்குக் காரணம் வாட்டம். உங்கள் குளியலறை ஐந்துக்கு ஏழு அடி. 80-க்கு 1 என்று வாட்டம் வைத்தால், ஏழு அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இறங்க வேண்டும். இரண்டடி டைலை இப்படி நான்கு பக்கமிருந்தும் வடிகாலை நோக்கிச் சாய்க்க முடியாது, மூலையில் தண்ணீர் தேங்கும். சின்ன டைல் வாட்டத்துக்கு ஏற்ப அமையும், ஜாயிண்டுகள் கூடுவதால் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

இனி அந்த வெள்ளைப் படிவு. பலரும் அதற்கு ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் டைலின் கண்ணாடிப் பூச்சை உடனே கெடுக்காது, ஜாயிண்டிலுள்ள சிமென்ட்டைத் தின்றுவிடும். ஜாயிண்ட் குழிந்ததும் தண்ணீர் அடியில் இறங்கும். சில வருடங்களில் டைலைத் தட்டினால் உள்ளே வெற்றிடமான சத்தம் கேட்கும், கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தெரியும். குளியலறையில் மட்டுமாவது சிமென்ட் க்ரவுட்டுக்குப் பதில் எபாக்ஸி க்ரவுட் போடச் சொல்லுங்கள். விலை பல மடங்கு, ஆனால் அமிலத்தைத் தாங்கும். படிவுக்கு ஆசிட் வேண்டாம். குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டால் படிவதே பெரிதும் குறையும்.

ஒன்றை மட்டும் மேஸ்திரியிடம் கறாராகச் சொல்லுங்கள். டைலோ கல்லோ தண்ணீரைத் தடுக்காது, அடியில் போடும் வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான் தடுக்கும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, கீழ்த்தளத்தில் போய்ப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பூச்சைச் சரிசெய்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல் வேலை தொடங்கட்டும்.

அன்புடன்.