உறை திடீரென வேலை செய்யாதது ஏன்?

பாலாடைக்கட்டி செய்யும் பண்ணையில் நாள்தோறும் ஒழுங்காய்ப் புளித்துவந்த உறை, ஒரு நாள் திடீரென நின்றுவிடுவதுண்டு. பாலில் குற்றமில்லை, சூடும் சரியே; ஆயினும் புளிப்பு ஏறுவதில்லை. நியூஜிலாந்தில் 1930-களில் இத்தொல்லை மிகுந்திருந்தது. பல இனக் கிருமிகள் கலந்த உறையில் சில இனங்கள் வாயுவை உண்டாக்கிக் கட்டியில் பொத்தல் விழச்செய்தமையால், ஒரே இனத்தைத் தனியே வளர்த்து உபயோகித்தனர். கட்டி சிறந்தது; உறையோ அடிக்கடி தவறிற்று. பால்மர்ஸ்டன் நார்த் நகரத்துப் பால் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஒயிட்ஹெட், காக்ஸ் என்னும் இருவர் 1935-ல் இதற்குக் காரணம் பாக்டீரியோபேஜ் என்று கண்டறிந்தனர்.

பேஜ் என்பது உறைக்கிருமியையும்விட மிகச் சிறியது. அது கிருமியினுள் புகுந்து பெருகி, அதை வெடிக்கச்செய்து வெளிவரும். மணிக்கு ஒரு முறை உறைக்கிருமி இரண்டாவதாகவும், அதே நேரத்தில் ஒரு பேஜ் ஐம்பதாவதாகவும் வைத்துக்கொள்வோம். மூன்று மணியில் ஒரு கிருமி எட்டாகும். ஒரு பேஜோ 1,25,000 ஆகும். ஆகையால் காலையில் முதல் தொட்டி நன்றாய்ப் புளிக்க, பிற்பகலில் கடைசித் தொட்டி நின்றுவிடுதல் இதன் அடையாளமாகும். கட்டியினின்று வடியும் தெளிநீரே பேஜின் முக்கிய இருப்பிடம். அது தெறித்துத் துளியாய்க் காற்றில் பரவி உறை அறையை அடைகிறது. சாதாரணப் பாஸ்டர் முறைச் சூட்டில் பேஜ் முற்றிலும் அழிவதில்லை.

ஐயமுண்டானால் இவ்வாறு சோதிக்கலாம். நன்கு காய்ச்சி ஆறவைத்த பாலை மூன்று புட்டிகளில் ஊற்றி, மூன்றிலும் அதே உறையை இடுக. இரண்டாவதில் ஐயத்திற்குரிய தெளிநீர் சிறிதும், மூன்றாவதில் அதே தெளிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றியதும் சேர்க்க. இரண்டாவது மட்டும் புளியாதிருந்தால் பேஜ் என்று கருதலாம். மாட்டிற்கிட்ட பெனிசிலின் போன்ற மருந்து பாலில் கலந்திருப்பின், கொதிக்கவைத்தும் அதன் தடை பெரும்பாலும் நீங்காது. மேலும் அது பல இனங்களையும் ஒருங்கே தடுக்கும். பேஜோ தனக்குரிய இனத்தை மட்டுமே தாக்கும்.

இவ்வியல்பே பரிகாரத்திற்கும் வழியாயிற்று. முதல் நாள் ஓர் இனம், மறுநாள் வேறோர் இனம் என முறைவைத்து மாற்றினால், முதல் நாளைய பேஜிற்கு மறுநாள் இரை கிடைப்பதில்லை. கழுவுதலாலும் குளோரின் நீராலும் அது குறைகிறது. ஆனால் பெயர் வேறாயிருப்பது போதாது. ஒரே பேஜிற்கு இரையாகாத இனங்களாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உறை வளர்க்கும் அறையும் தெளிநீர் செல்லும் இடத்தினின்று விலகியிருத்தல் அவசியம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. சுழற்சியில் இனங்கள் பெருகப் பெருக, அவற்றிற்குரிய பேஜ்களும் பண்ணையில் குடிபுகும். ஆகவே 1970-களின் பிற்பகுதி முதல் நியூஜிலாந்தில், நன்கறிந்த சில இனங்களின் ஒரே கலவையை நாள்தோறும் இட்டு, தெளிநீரைச் சோதித்து, தாக்குண்ட இனத்தை மட்டும் நீக்கி வேறொன்றைச் சேர்க்கும் முறை கையாளப்பட்டது. எம்முறையாயினும் தெளிநீர்ச் சோதனையே அதற்கு ஆதாரம்.