கிராணி வீட்டுப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும்

நம்பிக்கை: "தோட்டத்துப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது."

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை (பழைய ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) எந்தக் கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்கலாம். சொல்பவர்களே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

இதற்குப் பதில் பழைய ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளேயே இருந்தது. லயத்துக்குச் சற்றுத் தள்ளி கிராணிக்குத் தனி வீடு. ஆங்கிலம் படித்தவர், செக்ரோல் எழுதுவார், துரையிடம் நின்று பேசுவார். அவர் பிள்ளைகள் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். பால்மரம் வெட்டியவரின் பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனது. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். மலாயாப் பல்கலைக்கழகக் கல்விப் பேராசிரியராக இருந்த டி. மாரிமுத்து, தோட்டப் பள்ளி சமூக நிலையை மறு உற்பத்தி செய்யும் கருவி என்று தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே சொன்னார்.

கிராணிக்குச் சம்பளம் கூடுதல்தான். ஆனால் அவர் வீட்டில் சம்பளத்தோடு சேராத வேறொன்றும் இருந்தது: மேசைமேல் பத்திரிகை, கடிதம் எழுதும் அப்பா, தலைமையாசிரியரிடம் தயங்காமல் பேசும் பழக்கம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். பள்ளிக்கூடம் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை, ஆனால் இதற்கு மதிப்பெண் போடுகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்தவனைக் கெட்டிக்காரன் என்கிறது.

நம்பிக்கை: "நல்லா மலாய் பேசுறான், அப்புறம் எப்படி மலாய்ப் பாடத்துல கோட்டை விடுறான்?"

அவன் பேசுவது சந்தை மலாய். கடையிலும் செம்பனைக் காட்டிலும் அது தாராளமாகப் போதும். 'என் புத்தகம்' என்பதற்கு அவன் 'சாயா பூஞா புக்கு' என்பான். தேர்வுத்தாளில் 'புக்கு சாயா' என்று எழுத வேண்டும். விற்பதற்கு அவன் வாயில் 'ஜுவால்'. கட்டுரையில் முன்னொட்டு சேர்ந்து 'மென்ஜுவால்' ஆக வேண்டும். இம்புஹான் எனப்படும் இந்த ஒட்டுகளைச் சந்தை மலாய் பெரும்பாலும் உதிர்த்துவிடுகிறது. மதிப்பெண் கசிகிற ஓட்டை அதுதான். தேர்வு மலாய் கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும் சுலபமில்லை, ஆனாலும் அவன் தாண்ட வேண்டிய தூரம் குறைவு.

ஆறாம் ஆண்டு வரை இந்த ஓட்டை தெரியாது, ஏனென்றால் தமிழ்ப்பள்ளிக்கான மலாய்த் தாள் தேசியப் பள்ளித் தாளிலிருந்து வேறு. யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் கருத்துணர்தல், எழுத்து என்ற இரண்டு மலாய்த் தாள்களிலும் குறைந்தது C வாங்காதவன் முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். கூடப் படித்தவன் ஒரு படிவம் முன்னால் போயிருப்பான். அதன்பின் எஸ்.பி.எம். எழுதும்போது எல்லாருக்கும் ஒரே தாள். மலாயில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. மூளையில் குறை என்று ஊர் பேசுவது பெரும்பாலும் இந்த ஒட்டுகளைத்தான்.

ஆசிரியர் இதைத் திருத்த முடியும். கட்டுரைமேல் சிவப்பில் வட்டம் போட்டு மொழி மோசம் என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. 'ஜுவால்' பக்கத்தில் 'மென்ஜுவால்' என்று எழுதி, கடையில் அது சரி, தாளில் இது சரி என்று சொன்னால் பிடித்துக்கொள்வான்.

நம்பிக்கை: "அப்பா அம்மாவுக்கு அக்கறையில்ல."

பால்மரம் வெட்டும் அம்மா பெற்றோர் நாளன்று ஆசிரியர் முன்னால் நாற்காலி நுனியில் உட்காருகிறார். "நீங்க பாத்துக்குங்க டீச்சர், அடிச்சாலும் பரவால்ல." அவ்வளவுதான். பட்டணத்து அம்மா எந்தத் தாளில், எந்தக் கேள்வியில் மதிப்பெண் போயிற்று என்று கேட்கிறார். ஆசிரியர் முதலாமவரை அக்கறையற்றவர் என்று குறித்துக்கொள்கிறார். அந்த அம்மாவோ, படித்தவர் வேலையில் தலையிடுவது மரியாதையில்லை என்று ஒதுங்கியவர். அமெரிக்காவில் அன்னெட் லாரோ குடும்பங்களோடு பழகி 2003இல் எழுதிய நூலில் இதே வேறுபாடு வருகிறது: உழைக்கும் வர்க்கப் பெற்றோர் பள்ளியை நம்பி ஒப்படைக்கிறார்கள், நடுத்தர வர்க்கத்தார் கேள்வி கேட்டுச் சலுகை வாங்குகிறார்கள். பாசம் இரண்டு வீட்டிலும் உண்டு.

நம்பிக்கை: "டியூசன் போட்டா சரியாப் போயிடும்."

ஓரளவு சரிதான், டியூசனில் ஒட்டுகளைப் பழக்கலாம். தலைமையாசிரியரிடம் தயங்காமல் பேசும் பழக்கத்துக்கு டியூசன் இல்லை.

பூர்தியூவின் கணக்கும் எல்லாவற்றுக்கும் விடையாகாது. பள்ளி பஸ் வராத தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பஸ். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் சிக்கல் வகுப்பறைக்கு வெளியே, பதிவு இலாகாவின் முகப்பில் இருக்கிறது.